வெள்ளிக்கிழமைக்கு எதிரே எழுதிய பெயர்

குட்டிக்கு ஐம்பத்தேழு வயது. ஆனாலும் எங்கள் மூன்று பேரில் கடைசியாகப் பிறந்தவள் என்பதால் சாகிறவரைக்கும் அவள் குட்டிதான். நான் மூத்தவள். நடுவில் ஒரு தம்பி, வெளியூர் பஸ் ஓட்டுகிறான். குட்டி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள். லிஃப்ட் கிடையாது. என் மகன் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கிற லிஃப்ட்டை எல்லாம் நான் ரிப்பேர் பண்றேன், எங்க சித்தி வீட்டுல ரிப்பேர் பண்ணக்கூட ஒண்ணு இல்ல" என்று ஒவ்வொரு தடவை மூச்சு வாங்க ஏறும்போதும் சொல்வான். அவளும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் நாலு வருஷம். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். நாலு மணி நேரம். உடம்பில் சேருகிற தண்ணீரையும் விஷத்தையும் அந்த மெஷின்தான் எடுக்கும். ஒரு தடவை தள்ளிப்போனால் மறுநாளாவது போய்ப் படுத்தாக வேண்டும். வெள்ளியை விட்டால் திங்கள்வரை தாங்குமா என்று யாரும் சீட்டுப் போட்டுப் பார்க்கிற விஷயமில்லை அது.

இத்தனை நாளும் டயாலிசிஸ் சென்டரின் வேன் வந்து அழைத்துப் போனது. வேனில் வருகிற ஆள் மேலே ஏறி வந்து கைத்தாங்கலாக இறக்குவார். அந்த வேனை அவள் பக்கத்துத் தெருக்களுக்கு நிறுத்தப் போகிறோம், அடுத்த மாதத்திலிருந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்காகத்தான் நான் அந்தக் குரூப்பைத் தொடங்கினேன். பெயர், "குட்டி விஷயம்". நான், தம்பி, தம்பி பெண்டாட்டி, என் மகன். நாலே பேர்.

குட்டியை அதில் சேர்க்கவில்லை. யாரால் வர முடியும், யாரால் முடியாது என்று நாங்கள் இழுத்துக்கொள்வதைப் பார்த்தால் அவள் மனசு கஷ்டப்படும் என்றுதான். நல்ல எண்ணம்தான். செய்கிற போது எல்லாமே நல்ல எண்ணமாகத்தான் இருக்கிறது.

பதினோரு நாள் பேசினோம். தம்பி டூட்டி சீட்டைப் போட்டோ எடுத்துப் போடுவான், மகன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "மாமா, இது போன மாசத்து சீட்டு" என்பான். தம்பி பெண்டாட்டி தையல் கடையில் வேலை செய்கிறாள். டைலர் என்றுதான் குடும்பத்தில் அவளுக்குப் பெயர், தம்பிக்கு டிரைவர், என் மகனுக்கு லிஃப்ட். அவளே போனை எடுத்தால் "டைலர் பேசறேன்" என்பாள். வாயில் ஊசியும் கையில் துணியுமாக இருப்பவள், எழுத மாட்டாள். கட்டைவிரலைத்தான் போடுவாள். சம்மதம் என்றாலும் கட்டைவிரல், யாராவது காய்ச்சல் என்றாலும் கட்டைவிரல். "அத்தை, மாமா பல்வலின்னு போட்டிருக்காரு, நீங்க அதுக்கும் கட்டைவிரலைத் தூக்குறீங்க" என்று என் மகன் கேட்டதற்கும் ஒரு கட்டைவிரல் வந்தது.

ஒரு நாள் தம்பி, "இப்படி எத்தனை நாளைக்கு?" என்று போட்டான். அப்போது குட்டியைச் சேர்க்காதது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் முப்பது வருஷம் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். மீட்டிங்கில் பத்துப் பேர் பத்து விதமாகக் கத்துவார்கள், கடைசியில் என்ன முடிவானது என்று ஒரு தாளில் அடித்துக் கையெழுத்துக்குச் சுற்றுக்கு அனுப்புவது என் வேலை. கையெழுத்து விழுந்த தாளில் ஒரு வரி மாறினாலும், அடித்துத் திருத்தி, பக்கத்தில் எல்லோரிடமும் மறுபடி சின்னக் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் தாள் செல்லாது. இது எனக்குத் தெரியாதது அல்ல. புதிதாக வருகிற பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதினேன்:

"பதினோரு நாள் பேசியதன் முடிவு. எல்லோரும் முழுதாகப் படித்துவிட்டு உறுதி செய்யவும்.
நாளை திங்கள் முதல் குட்டியை நாமே அழைத்துப் போகிறோம். ஐந்தே முக்காலுக்கு மேலே அவள் வீட்டில் இருக்க வேண்டும்.
திங்கள்: லிஃப்ட். புதன்: நான். வெள்ளி: டிரைவர். செவ்வாய் சாயங்காலம் துணி துவைக்க: டைலர்.
படி இறங்கும்போது அவளுக்கு ஒரு படி கீழே நிற்கவும். இடது கையைப் பிடிக்கக் கூடாது, அது ஊசி ஏற்றுகிற கை. போர்வை எடுத்துக்கொள்ளவும், மெஷினில் அவளுக்குக் குளிரும்.
கூட்டிப் போகிறவரே காத்திருந்து கொண்டுவந்து விட வேண்டும்.
மாற்றம் இருந்தால் இங்கே போட்டுக் குழப்ப வேண்டாம், எனக்குப் போன் செய்யவும். நான் சரி செய்கிறேன்.
எல்லோரும் உறுதி செய்ததும் இந்தக் குரூப்பில் இனிப் பேச்சு இல்லை."

அனுப்பின கையோடு டைலரின் கட்டைவிரல் வந்துவிட்டது. எனக்கு ஒரே திருப்தி.

கொஞ்ச நேரத்தில் தம்பி போன் செய்தான். மாற்றம் இருந்தால் போன் செய் என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

"அக்கா, இந்த வெள்ளிக்கிழமை மட்டும் முடியாதுக்கா. இன்னொரு டிரைவருக்கு உடம்பு சரியில்ல, வியாழக்கிழமை சாயங்காலம் வண்டிய நான் எடுக்கணும். வெள்ளி மத்தியானம்தான் திரும்புவேன்."

"இப்பத்தானேடா எழுதி முடிச்சேன்."

"வீட்டுல அவ சும்மாதான் இருப்பா. வெள்ளிக்கிழமை கடை லீவு. அவ கூட்டிட்டுப் போகட்டும்."

"அவகிட்ட கேட்டியா?"

"கேக்குறதென்ன, நான் சொல்லிடறேன். நீ அதுல மாத்திடு."

என் பேத்தி எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்திருந்தாள். தப்பாகப் போட்ட மெசேஜை அழித்துவிட்டு வேறு போட வேண்டாம் பாட்டி, கால் மணி நேரத்துக்குள் அதையே திருத்தலாம் என்று. அதைச் செய்கிற வாய்ப்பு வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. வெள்ளி என்கிற வரியில் "டிரைவர்" என்பதன் பக்கத்தில் "(இந்த வாரம் மட்டும் டைலர்)" என்று சேர்த்தேன். திருத்தினால் யாருக்கும் மணி அடிக்காது. ஓரத்தில் பொடி எழுத்தில் திருத்தப்பட்டது என்று ஒரு வார்த்தை வரும், அவ்வளவுதான். முன்னே என்ன இருந்தது என்று காட்டாது. கீழே விழுந்திருந்த கட்டைவிரலும் அப்படியே இருந்தது.

பிறகு தம்பி "ஓகே" என்று போட்டான். மகன் பதினொரு மணிக்கு எழுந்து "சரிம்மா" என்று போட்டான். மூன்று பேரும் உறுதி செய்தாயிற்று. என்ன இருந்த தாளுக்கு அந்தக் கட்டைவிரல் விழுந்தது என்று நான் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. தம்பி வீட்டில் சொல்வான் என்று நான் இருந்தேன். குரூப்பில் வந்துவிட்டது, அவள் கட்டைவிரலும் இருக்கிறது, இனிச் சொல்ல என்ன இருக்கிறது என்று அவன் இருந்தான்.

திங்கள் என் மகன் கூட்டிப் போனான். புதன் நான். டாக்ஸியில் குட்டி என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"உங்க குரூப்புல என்னைப் பத்தி என்னக்கா பேசிக்குவீங்க?"

"உனக்கு யாரு சொன்னா குரூப் இருக்குன்னு?"

"உன் புள்ளைதான். வாய் தவறிச் சொல்லிட்டான். என் பேரை வெச்சு ஒரு குரூப்பு, என்னைத் தவிர எல்லாரும் இருக்கீங்க. கருமாதிக்குப் போட்ட குரூப்பு மாதிரி."

"வாய அலம்பு."

"எல்லாரும் ரொம்பக் கஷ்டப்படுறீங்களா?"

"ஒரு கஷ்டமும் இல்ல. வெள்ளிக்கிழமை ஆள் வரும். நீ ரெடியா இரு, அது போதும்."

ஆள் வரும் என்றேன். எந்த ஆள் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. யார் பெயரையாவது கேட்டால் அவர்களைக் கேட்டு வாங்கினது போல ஆகிவிடும் என்று நினைக்கிறவள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எல்லாம் பிற்பாடு அந்த சென்டரின் நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஐந்தரைக்கே புடவை மாற்றி, போர்வையைப் பையில் வைத்து, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஏழரைக்கு சென்டரிலிருந்து போன் செய்து, ஏன் வரவில்லை என்று கேட்டபோது, இப்படி உட்கார்ந்திருப்பதை அவளே நர்ஸிடம் சொல்லியிருக்கிறாள். "வீட்டுல எல்லாருக்கும் வேலைம்மா, மறந்திருப்பாங்க" என்றாளாம். சரி, நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு மெஷின் காலி, கட்டாயம் வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "வந்துடறேன்" என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் தம்பி எத்தனை நாளைக்கு என்று கேட்டதை அவள் படிக்கவில்லைதான். படித்துத்தான் தெரிய வேண்டுமா.

அதே நேரம் டைலர், இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, தன் வீட்டில் லீவு நாள் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நான் குட்டிக்குப் போன் செய்தேன்.

"நேத்து எல்லாம் நல்லபடியா நடந்துச்சா?"

"ம்... நடந்துச்சுக்கா" என்றாள்.

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கமா வருது."

"தூங்கு, தூங்கு" என்று வைத்துவிட்டேன். அப்போது மணி பத்து. பன்னிரண்டு மணிக்கு ஒரு மெஷின் அவளுக்காகக் காலியாக இருந்தது. யார் கூட்டிப் போனார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். எழுதினபடி நடக்காமல் இருக்கும் என்று என் புத்தியில் படவில்லை.

ஞாயிறு மத்தியானம் அவள் கீழ்வீட்டு அம்மா போன் செய்தார். "உங்க தங்கச்சி கதவைத் திறக்கச் சொன்னா, காலு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு, எழுந்திருக்க முடியலங்கிறாங்க." மகனும் நானும் ஓடினோம். ஆம்புலன்ஸ் ஆட்கள் நாற்காலியில் கட்டி இறக்கினார்கள். மகன் அவளுக்கு ஒரு படி கீழே பின்புறமாக இறங்கிக்கொண்டே, "சித்தி, இங்க பாருங்க, என்னைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தான். முகம் வீங்கிக் கண் சின்னதாகியிருந்தது. "வெள்ளிக்கிழமை போகலடா" என்று அவனிடம்தான் சொன்னாள். என்னிடம் இல்லை.

எமர்ஜென்சியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த டாக்டர், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது, இதயம் தாறுமாறாக அடிக்கிறது, மருந்து ஏற்றுகிறோம், மெஷினுக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார். சின்னப் பெண், நின்று பேச நேரமில்லாமல் நடந்துகொண்டே பேசினார். மெஷின் வருவதற்கு முன்னால் இதயம் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள்.

தம்பியும் டைலரும் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நீளமான வராந்தாவில், இரும்பு நாற்காலி வரிசையில், என் மகன் போனை எடுத்துக் குரூப்பைத் திறந்தான்.

"வெள்ளி, இந்த வாரம் மட்டும் டைலர்னு போட்டிருக்கு" என்றான். "அத்தை, நீங்க கட்டைவிரல் போட்டிருக்கீங்க."

"நானா?" டைலர் போனை வாங்கிப் பார்த்தாள். "இப்படி இல்லையே. நான் பாத்தப்ப அவர் பேருதான் இருந்துச்சு."

"இங்க உங்க பேருதானே அத்தை இருக்கு."

"எனக்கு யாருமே சொல்லல." அவள் புருஷனைப் பார்த்தாள். "என்கிட்ட சொன்னீங்களா?"

தம்பி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை கழுவுவது எப்படி என்று அதில் படம் ஒட்டியிருந்தது. "எல்லாம் குரூப்புல இருக்கு. படிக்காம விரலைத் தூக்கினா நான் என்ன பண்ணுவேன்" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தேன். நிஜமான அழுகைதான் அது. ஆனால் வாயை மூடிக்கொள்ள அது தோதாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் காதோடு காது பேசிக்கொண்டார்கள். தூரத்து உறவில் ஒரு பெரியம்மா, டைலர் காதில் விழுகிற மாதிரியே, "ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறா, நாத்தனார் உசுருக்கு மட்டும் அளவு தெரியல" என்றாள். டைலர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தம்பி பஸ் டிப்போவிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, அன்னைக்கு நான் உனக்குப் போன் பண்ணேன்ல, அதை யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லடா."

"சொல்லாத."

"அவகிட்ட சொல்றேன்னு சொன்னியேடா. சொல்லவே இல்லையா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னைக்கு உறவுக்காரங்க வந்துட்டாங்க, அப்புறம் டூட்டி. குரூப்புல பாத்தேன், விரல் போட்டிருந்தா. பாத்துட்டா போலன்னு விட்டுட்டேன்." பஸ் இரைச்சலை விட்டுத் தள்ளி நடந்தான் போல. "நீயும் திருத்தினதைச் சொல்லல. போனவ போயிட்டா. நம்ம ரெண்டு பேரு கெட்ட பேரு வாங்குறதுக்கு ஒருத்தி வாங்குறா, விடு. அவ தாங்குவா."

அவ தாங்குவா என்றபோது அவன் குரலில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. லக்கேஜை எந்தப் பக்கம் ஏற்றினால் வண்டி சாயாது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். போனை வைத்தேன்.

ஒரு மாதம் ஓடிவிட்டது. நான் வாய் மூடி இருந்த ஒரே மாதம் அதுதான் என்று என் மகன் சொன்னான். அவன் வேறு காரணம் நினைத்துக்கொண்டான். ஒரு நாள் சாப்பிடும்போது, "அத்தை கண்ணாடி போட்டிருக்காங்கம்மா" என்றான்.

"யாரு, டைலரா? ஊசியில நூல் கோக்க இது நாள்வரைக்கும் கண்ணாடி போட்டதில்லையே அவ."

"கண் டாக்டர்கிட்ட போயிருக்காங்க. டைலர்னு இருந்ததை எப்படிப் படிக்காம விட்டேன்னு தெரியல, கண்ணுல ஏதோ கோளாறுன்னு சொன்னாங்களாம். டாக்டர் பெருசா ஒண்ணும் இல்லன்னுட்டாராம். இவங்களே வற்புறுத்திக் கேட்டு ஒரு சின்ன பவர் வாங்கிட்டு வந்திருக்காங்க. மாமாதான் கூட்டிட்டுப் போனாராம்."

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். என் தம்பி அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் எழுத்துகளைப் படித்துக் காட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கைகூடப் பிடித்திருப்பான்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவள் கடைக்குப் போனேன். குறுகலான கடை. நாலு தையல் மெஷின். உள் ஓரத்தில் அவளுடையது. ஒரு பக்கம் வெட்டின துணிக்கட்டு, இன்னொரு பக்கம் பொத்தான் டப்பாக்கள். மற்ற மூன்று பேரும் டீக்கு வெளியே போயிருந்தார்கள். டைலர் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மூக்கில் கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி, பழகாமல் நுனிக்கு இறங்கியிருந்தது.

"வாங்க அண்ணி" என்றாள். எழுந்திருக்கவில்லை. ஸ்டூலிலிருந்த துணியை எடுத்து இடம் விட்டாள். "ரவிக்கையா? அளவு பழசேதானா, இளைச்சிட்டீங்களே."

"ரவிக்கை இல்லம்மா. மெஷினை நிறுத்து கொஞ்சம்."

நிறுத்தினாள். நான் போனை எடுத்தேன். அந்த மெசேஜை அழுத்திப் பிடித்தால், யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று அனுப்பினவருக்கு மட்டும் காட்டும். நான் அனுப்புகிற காலை வணக்கத்தை யாரெல்லாம் பார்த்துவிட்டுப் பதில் போடுவதில்லை என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது. டைலர் பெயருக்கு நேரே பத்து மணி இரண்டு நிமிஷம் என்று இருந்தது. அதை அவளிடம் காட்டினேன். பிறகு போன் வந்த பட்டியலைத் திறந்து அதே ஞாயிற்றுக்கிழமைக்கு இறங்கினேன். தம்பி, பத்து ஆறு.

"என்ன அண்ணி இது?"

"பத்து இரண்டுக்கு நீ படிச்சுட்டே. அப்ப டிரைவர்னு மட்டும்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் நான்தான் திருத்தினேன். உன் விரல் விழுந்ததுக்கு அப்புறம். உன்கிட்ட சொல்லாம. நீ சரியாத்தான் படிச்சே."

அவள் இரண்டு நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"ஒரு மாசமா சொல்லல நீங்க."

"சொல்லல."

"அந்தப் பெரியம்மா பேசினப்ப பக்கத்துலதான் நின்னீங்க."

"நின்னேன்."

கத்துவாள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் காலர் துணியை எடுத்து மடிப்பை நகத்தால் நீவினாள். நீவிக்கொண்டே, அந்தப் பத்து ஆறுக்கு வந்து நின்றாள். வந்து நிற்பாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு மாதம் ஆயிற்று.

"இந்த போன் அவர் பண்ணதுதானே. என்ன சொன்னார்?"

"வெள்ளிக்கிழமை தன்னால முடியாது, உன்னைப் போகச் சொல்லி எழுதச் சொன்னான். வீட்டுல சொல்லிடறேன்னு சொன்னான்."

"சொல்லல."

"தெரியும்."

"சொல்லலன்னு அவருக்கே தெரியும்ல அண்ணி? ஆஸ்பத்திரியில நான் கேட்டப்பவே தெரியும்ல?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். மறந்துபோயிருப்பான் என்று சொல்லலாம். அவள் குடித்தனம் நடத்த வேண்டியவள். ஆனால் அதே யோசனையில்தான் குட்டியைக் குரூப்பில் சேர்க்காமல் விட்டேன்.

"தெரியும். அப்புறம் யாருகிட்டயும் சொல்லாதன்னு எனக்கும் போன்ல சொன்னான்" என்றேன்.

வெளியே டீ குடிக்கிறவர்கள் எதற்கோ சிரித்தார்கள். டைலர் தலையை இரண்டு மூன்று தடவை ஆட்டினாள், கணக்குச் சரியாக வந்துவிட்ட மாதிரி.

"எனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது அண்ணி, நான் தூங்கிட்டுதான் இருந்தேன்னு எனக்குத் தெரியுமே. எங்க என் பேரை எழுதினீங்களோ அங்க எழுதுங்க. இங்கயே உக்காந்து எழுதுங்க."

எழுதினேன். முப்பது வருஷம் டைப் அடித்த விரல், நாலு வரிக்கு இருபது நிமிஷம் எடுத்தது. வெள்ளிக்கிழமை வரியை டைலர் படித்த பிறகு திருத்தியது நான். திருத்தச் சொன்னது தம்பி. இரண்டு பேருமே அவளிடம் சொல்லவில்லை. குட்டி காத்திருந்தது எங்கள் இரண்டு பேராலும்தான். அனுப்பினேன். டைலர் தன் போனை எடுத்து, அது வந்திருக்கிறதா என்று பார்த்து, முழுதும் படித்தாள். கட்டைவிரல் போடவில்லை.

என் மகன் உடனே படித்துவிட்டான். எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டிற்று, நின்றது, மறுபடி காட்டிற்று, நின்றது. பன்னிரண்டு மணி வாக்கில் தம்பி படித்தான். ஐந்து நிமிஷம் கழித்து, டிரைவர் குரூப்பிலிருந்து வெளியேறினார் என்று வந்தது. பிறகு டைலரின் போன் மெஷின் மேலேயே கிடந்து அடித்தது. திரையில் அவன் பெயர். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது.

"எத்தனை மணிக்கு வண்டியைக் கொண்டாந்து விடுவான் இன்னைக்கு?" என்று கேட்டேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"ரெண்டு மணிக்கு. ரெண்டரைக்கு வீட்டு வாசல்ல நிப்பார்." ஊசிக்கு நூல் கோத்தாள், கண்ணாடி இல்லாமல், ஒரே தடவையில். "சாவி ஒண்ணுதான். என்கிட்ட இருக்கு."

"நீ எப்பம்மா போவே?"

"இந்தச் சட்டை இன்னும் எட்டு இருக்கு" என்றாள். "நிக்கட்டும்."

மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கீழே உதிர்ந்து கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டரையும் ஆயிற்று, மூன்றும் ஆயிற்று.